நெகட்டிவ் க்ரூப் அம்மாவுக்குப் போடற ஆன்டி-டி ஊசிய 28 வாரத்துலயே போட்டாச்சு, டெலிவரிக்கு அப்புறம் மறுபடி எதுக்கு? உங்க அனுபவம் சொல்லுங்க

மாரத்தஹள்ளி மீனா
நான் ஏ நெகட்டிவ், அவர் பி பாசிட்டிவ். பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரா என் உடம்புல ஆன்டிபாடி இருக்கான்னு பாக்குற ஐசிடி டெஸ்ட் நெகட்டிவ்னு வந்ததும் 28வது வாரம் 300 மைக்ரோகிராம் ஊசி போட்டாங்க, வீட்ல எல்லாரும் அதோட முடிஞ்சுதுன்னு விட்டுட்டாங்க. டெலிவரி வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணி. திங்கக்கிழமை காலைல டிஸ்சார்ஜ் பேப்பர் வருது, சும்மா "பாப்பாவோட ப்ளட் க்ரூப் என்ன சிஸ்டர்?"னு கேட்டேன். ஃபைலப் பொரட்டுறாங்க பொரட்டுறாங்க, ரிப்போர்ட்டே இல்ல. பாத்தா தொப்புள்கொடி ரத்தம் எடுத்த ட்யூப் லேபிள் ஒட்டினபடி வார்டு ஃப்ரிட்ஜ்லயே இருக்கு, லேபுக்குப் போகவே இல்ல! "அதான் 28 வாரத்துல போட்டாச்சே மேடம்"னு ஒரு பதில் வேற. அப்புறம் பாப்பா குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்து, பி பாசிட்டிவ்னு மத்தியானம் வந்துச்சு, ஃபார்மசில ஸ்டாக் இல்ல, இவர் வெளில அலைஞ்சு ஐஸ் பேக்கோட வாங்கிட்டு வந்து சாயங்காலம் போட்டாங்க. 72 மணி நேரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் பாக்கி. நான் கேக்காம கிளம்பியிருந்தா??

செம்பூர் சித்தி
ரொம்ப பயப்படுத்தாதீங்கம்மா. முதல் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டாவதுக்குத்தான் பிரச்சனை. அப்போ ரெண்டாவது உண்டானதும் போட்டுக்க வேண்டியதுதானே? எனக்கு ஓ நெகட்டிவ், ரெண்டு பிள்ளைங்க, அந்தக் காலத்துல ஊசியே போடல, ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

முனிர்கா அப்பா
நான் நெகட்டிவ், மனைவி பாசிட்டிவ். எங்களுக்கும் ஊசி உண்டா? டாக்டர் ஒண்ணுமே சொல்லல.

மாட்டுங்கா வாசி
சித்தி சொல்றது பாதி சரி, மீதி பாதிதான் என் கதை. முதல் தடவை நாலாவது மாசம் கலைஞ்சு ஊர்ல டி அண்ட் சி பண்ணாங்க, க்ரூப் பாக்கவும் இல்ல, ஊசி போடவும் இல்ல. அடுத்தது உண்டாகி சயான்ல டெஸ்ட் எடுத்தா ஐசிடி பாசிட்டிவ், ரத்தத்த 64 மடங்கு நீர்த்தும் ஆன்டிபாடி தெரியுதுன்னாங்க. "இப்பவாவது ஊசி போடுங்க டாக்டர்"னு அழுதேன். "இனிமே போட்டு பிரயோஜனம் இல்லம்மா"ன்னு அவங்க சொன்னது இன்னும் காதுல கேக்குது. அப்புறம் அடிக்கடி ஸ்கேன், குழந்தை தலைக்குள்ள ரத்தம் எவ்ளோ வேகமா ஓடுதுன்னு டாப்ளர்ல பாப்பாங்க, வேகம் கூடினா குழந்தைக்கு ரத்தசோகைன்னு அர்த்தமாம். முன்னாடியே எடுத்துட்டாங்க. பொறந்த அன்னைக்கே மஞ்சக்காமாலை ஏறி ரத்தம் மாத்தினாங்க. இப்ப ஸ்கூல் போறான்.

கரோல்பாக் லேப் அக்கா
ப்ளட் பேங்க்ல வேலை, அதனால நீளமாத்தான் எழுதுவேன். சித்தி, உங்க பிள்ளைங்க க்ரூப் தெரியுமா? நெகட்டிவா இருந்திருக்கலாம், இல்ல பாசிட்டிவா இருந்தும் உங்க உடம்பு எதிர்ப்பு காட்டாம இருந்திருக்கலாம், எல்லாருக்கும் வராது. வந்துட்டா திரும்பாது, அதுதான் விஷயம். டெலிவரில குழந்தை ரத்தம் கொஞ்சம் அம்மாவுக்குள்ள போயிடும். போலீஸ் வர்றதுக்குள்ள தடயத்த அழிக்கிற மாதிரி, அம்மா உடம்பு கண்டுபிடிக்கிறதுக்குள்ள இந்த ஊசி அந்த செல்களை ஒழிச்சிடும். தாமதமானா உடம்பே ஆன்டிபாடி செய்யப் பழகிடும், அடுத்த பாசிட்டிவ் குழந்தை வந்ததும் அது நஞ்சுக்கொடி தாண்டிப் போய் குழந்தையோட ரத்த செல்லை உடைக்கும். பழகினத மறக்க வைக்க மருந்து இல்ல, மாட்டுங்காகாரங்களுக்கு டாக்டர் சொன்னது அதான்.

மீனா, 28 வார ஊசி கடைசி மாசங்கள்ல லேசா ரத்தம் கலந்தா காப்பாத்தத்தான். மூணு வாரத்துக்கு ஒருக்க பாதியாக் குறையும், டெலிவரி டைம்ல மிச்சம் ரொம்பக் கம்மி. ரத்தம் அதிகமாக் கலக்கறதோ டெலிவரிலதான். 300 மைக்ரோகிராம் சுமார் 30 மில்லி குழந்தை ரத்தம் வரைக்கும் சமாளிக்கும், நஞ்சுக்கொடி பிரிஞ்சு ரத்தம் நிறைய கலந்திருந்தா ஒரு ஊசி பத்தாது, கலந்த அளவை டெஸ்ட் பண்ணி கூட்டுவோம். 72 மணி தாண்டிடுச்சுன்னு யாரும் விட்டுடாதீங்க, பலன் குறையும் ஆனா பத்து நாளுக்குள்ளயும் போடறாங்க. இன்னொண்ணு, 28 வார ஊசிக்கு அப்புறம் எடுத்தா ஐசிடி லேசா பாசிட்டிவ் வரும், அது ஊசியோடதாவே இருக்கலாம், தேதிய லேப்ல சொல்லுங்க.

முனிர்கா, அம்மா பாசிட்டிவ்னா இந்த ஊசியே வேண்டாம்.

செம்பூர் சித்தி
பெரியவனோடது பாசிட்டிவ், சின்னவனோடது தெரியாது. சரி, எங்க மருமக ஏழு வாரத்துல மாத்திரையில கலைச்சா, அவளுக்கும் போடணும்னு ஒரு டாக்டர், தேவையே இல்லைன்னு இன்னொரு டாக்டர். இதுக்கு என்ன சொல்ற?

கரோல்பாக் லேப் அக்கா
ரெண்டு பேருமே தப்புன்னு சொல்ல முடியாது சித்தி. 12 வாரத்துக்குள்ளன்னா வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லுது, நம்ம ஊர்ல நிறைய பேர் இன்னும் போடறாங்க. என் தங்கச்சின்னா போட்டுக்கச் சொல்வேன்.

முனிர்கா அப்பா
பொண்ணு பொறந்திருக்கா, அவ என்னை மாதிரி நெகட்டிவ். அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகி பிள்ளை உண்டானா வேணும்ல?

மாரத்தஹள்ளி மீனா
ஆமாண்ணா, வர்றவர் பாசிட்டிவ்னா அவளுக்கு வேணும். அக்கா, அடுத்தது உண்டானா எனக்கு 28 வாரத்துல மறுபடி முதல்லேருந்தா?