லிங்க் திறக்கிறது, தேடினால் வீடியோ இல்லை. உங்களுக்கும் நடந்ததா?

ஊசிநூல்:
தையல் மெஷினில் நூல் ஏன் அடிக்கடி அறுகிறது என்று யூடியூபில் 8 நிமிட வீடியோ ஒன்று போட்டேன். மாலை 7 மணிக்கு ஏற்றி, Unlisted-இல் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு, 7.40-க்கு Public ஆக்கினேன். லிங்க் அனுப்பியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சேனல் பக்கத்திலும் இருக்கிறது. ஆனால் தலைப்பை எழுத்துப் பிசகாமல் தேடினாலும் வரவில்லை. 9 மணி வரை பொறுத்துப் பார்த்தேன். ஏதோ கோளாறு என்று பயந்து, அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். இப்போது மணி 10, இதுவும் வரவில்லை. இப்படி நடந்தவர்கள் சொல்லுங்கள்.

காலைநடை:
எனக்கும் இதேதான் நடந்தது, அக்கா. டேக் போதாததுதான் காரணம். நான் ராத்திரி உட்கார்ந்து 30 டேக் சேர்த்தேன், காலையில் தேடினால் வந்துவிட்டது.

படத்தொகுப்பு:
தம்பி, காலையில் வந்தது உண்மை. ஆனால் அதைக் கொண்டுவந்தது டேக் இல்லை, நடுவில் போன ராத்திரிதான். தலைப்பில் உள்ள சொல்லை மக்கள் தப்பாக எழுதித் தேடும்போது டேக் கொஞ்சம் உதவும். அதற்கு மேல் அதற்குப் பெரிய வேலை இல்லை.

ஒன்பது வருடமாக மற்றவர்களுக்கு வீடியோ ஏற்றிக் கொடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். Public ஆக்கியதும் வீடியோவின் பக்கம் உடனே எல்லோருக்கும் திறந்துவிடும். தேடல் அந்தப் பக்கங்களை நேராகப் போய்ப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தயார் செய்து வைத்த ஓர் அட்டவணையில்தான் தேடுகிறது. புது வீடியோ அதில் ஏற நேரம் ஆகும். சில நிமிடங்களில் ஏறியதும் உண்டு, ஒரு நாள் எடுத்ததும் உண்டு. பெரும்பாலும் சில மணி நேரம். ஊசிநூல் அக்கா, அழித்தது வருத்தமான விஷயம். புது லிங்க் வந்துவிட்டதால் காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். முன்பு அனுப்பிய லிங்கும் இனி யாருக்கும் திறக்காது.

இப்போது ஒன்று செய்யுங்கள். லிங்கில் v= என்பதற்குப் பின்னால் 11 எழுத்துகள் இருக்கும். அதை மட்டும் தேடல் பெட்டியில் போடுங்கள். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத் தேடுவது நல்லது. வந்தால் அட்டவணையில் ஏறிவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் தலைப்போடு சேனல் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அதிலும் இல்லை என்றால் காத்திருப்பதுதான் வழி.

மாடிவீடு:
என்னுடையது மூன்று வாரமாக வரவில்லை! என் இணையதளத்தில் ஒரு கட்டுரைக்குக் கீழே வீடியோவை வைத்திருக்கிறேன். வலைத் தேடலில் கட்டுரை வருகிறது, வீடியோ வரவே இல்லை.

படத்தொகுப்பு:
உங்களுடையது வேறு தேடல், வேறு காரணம். வலைத் தேடலில் ஒரு பக்கம் வீடியோவாக வர வேண்டுமானால், அந்தப் பக்கத்தில் வீடியோதான் முக்கிய விஷயமாக இருக்க வேண்டும். நீண்ட கட்டுரையின் அடியில் இருந்தால் கட்டுரை மட்டும்தான் ஏறும். வீடியோவுக்கென்றே ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள்.

ஊசிநூல்:
ராத்திரி 11.15-க்கு அந்த 11 எழுத்தைப் போட்டேன், வந்தது! அப்போதும் முழுத் தலைப்புக்கு வரவில்லை. காலை 6 மணிக்கு அதற்கும் வந்துவிட்டது. ஆனால் வெறும் "தையல் மெஷின்" என்று தேடினால் எவ்வளவு கீழே போனாலும் காணோம்.

படத்தொகுப்பு:
சரி, அப்படியானால் ஏறியாயிற்று. இனி இருப்பது வரிசைப் பிரச்சினை. "தையல் மெஷின்" என்ற சொல்லுக்குப் பல வருடமாகப் பலர் பார்த்த வீடியோக்கள் முன்னால் நிற்கின்றன. அவற்றைத் தாண்டக் காத்திருப்பு மட்டும் போதாது. "நூல் அறுகிறது" என்று தேடுபவர் வேறு, அவருக்குத்தான் உங்கள் வீடியோ தேவை. சிலர் "தையல் இயந்திரம்" என்று எழுதுவார்கள், சிலர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். விளக்கத்தின் முதல் இரண்டு வரியில் அந்தச் சொற்களும் இயல்பாக வரட்டும்.

நிழல்குடை:
எனக்கு நடந்தது வேறு. என் தேடலில் வந்தது, தோழியின் தேடலில் ஆறு நாளாக வரவில்லை. கடைசியில் பார்த்தால் அவள் அலுவலகக் கணினியில் Restricted Mode போட்டிருந்தார்கள். என் வீடியோவுக்கு வயது வரம்பு இருந்ததால் அங்கே மறைந்துவிட்டது. வேறொருவர் கருவியிலும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலைநடை:
ஒன்று கேட்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு வீடியோ போட்டேன். நேராக Public ஆக்கியது ஒரு மணி நேரத்தில் தேடலில் வந்தது. Unlisted-இல் வைத்து மாற்றியது மறுநாள்தான் வந்தது. மாற்றுவதால் தாமதம் ஆகுமா?

படத்தொகுப்பு:
நான் நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன், தம்பி. இரண்டு வீடியோவை வைத்து முடிவு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊசிநூல்:
அடுத்ததாகப் பாபின் சிக்கல் பற்றி இரண்டு பகுதி போடப் போகிறேன். ஒன்றை நேராக, இன்னொன்றை Unlisted வழியாகப் போட்டு, நேரம் குறித்து இங்கே எழுதுகிறேன். இந்த முறை எதையும் அழிக்க மாட்டேன்.