தீயணைப்பான் வைத்தால் பிரீமியம் குறையுமா? எங்கள் கம்பெனியில் நடந்தது

தையல் யூனிட், திருப்பூர்

எங்களுடையது 60 தையல் இயந்திரங்கள் உள்ள பனியன் கம்பெனி. கட்டடம், இயந்திரம், துணி எல்லாம் சேர்த்து 6 கோடிக்குத் தீக் காப்பீடு. சென்ற மாதம் புதுப்பிக்கும்போதுதான் பிரீமியத் தாளை வரிவரியாகப் படித்தேன். தீக்கான பிரீமியம் 66,000 ரூபாய். அதில் 10 சதவீதம் "தீயணைப்புச் சாதனத் தள்ளுபடி" என்று 6,600 ரூபாயைக் கழித்திருந்தார்கள். வெள்ளம், புயல், நிலநடுக்கம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்குத் தனியாக 33,000. அந்தப் பகுதியில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

முதலில் மகிழ்ச்சிதான். பிறகு முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் "கையடக்கத் தீயணைப்பான்: உண்டு, ஹைட்ரண்ட்: உண்டு" என்று தரகரின் அலுவலகத்தில் குறித்திருக்கிறார்கள். தீயணைப்பான்கள் 22 இருக்கின்றன. பம்பு வைத்துக் குழாய் வழியே தண்ணீர் பாய்ச்சித் தீயை அணைக்கும் ஹைட்ரண்ட் என்று எங்களிடம் எதுவும் இல்லை. முற்றத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். கையெழுத்து என்னுடையது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

நூல் வியாபாரி, ஈரோடு

பயப்படாதீர்கள் அக்கா. தள்ளுபடி என்பது அரசு நிர்ணயித்த விகிதம். சாதனம் வைத்தால் தந்தே ஆக வேண்டும், எந்தக் கம்பெனியில் கேட்டாலும் ஒரே அளவுதான். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் வாங்குகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை நிரப்பி ரசீதை வைத்துக்கொண்டால் போதும், யாரும் வந்து பார்ப்பதில்லை.

ஓய்வுபெற்ற சர்வேயர், கோவை

ஈரோட்டுத் தம்பி சொல்வது அவருடைய அப்பா காலத்துக்குச் சரி. அப்போது கட்டண விகிதங்களை ஒரு பொதுக் குழு வகுத்தது, தள்ளுபடியும் அதில் இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இப்போது எவ்வளவு குறைப்பது, குறைப்பதா வேண்டாமா என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. ஒரே கட்டடத்துக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதும் தீப்பிடிக்கும் வரைதான் உண்மை. பிடித்த பிறகு இழப்பை மதிப்பிட நான் வருவேன். தள்ளுபடி வாங்கியவர் சாதனங்களை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியோடு இணைந்திருக்கும். அதனால் எரிந்த சரக்கைப் பார்த்ததும் அடுத்து சிவப்பு உருளைகளைத்தான் பார்ப்பேன். பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா, அட்டையில் கடைசியாக யார் எப்போது கையெழுத்துப் போட்டார், அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று குறித்துக்கொள்வேன்.

முள் பச்சையில் நின்றாலும் போதாது. பவுடர் உருளை மாதக்கணக்கில் அசையாமல் சுவரில் தொங்கினால், உள்ளே பவுடர் இறுகிக் கட்டியாகிவிடும். அழுத்தம் இருக்கும், பவுடர் வெளியே வராது. தலைகீழாகக் கவிழ்த்துக் காதருகே வைத்தால் பவுடர் சரியும் ஓசை கேட்க வேண்டும். கரியமில வாயு உருளையில் அழுத்தமானியே இருக்காது, அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உடலில் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்மா, உங்கள் ஹைட்ரண்ட் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதியிருப்பது, பழுதாக வைத்திருப்பதைவிட மோசமான நிலை. தவறு தரகருடையது என்றாலும் படிவம் உங்கள் பெயரில் இருக்கிறது. எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் திருத்தக் குறிப்பு வாங்குங்கள்.

மளிகைக் கடை, திண்டுக்கல்

என் கடைக்கு 18 லட்சத்துக்குத்தான் காப்பீடு. ஒரு தீயணைப்பான் வைத்திருக்கிறேன். தள்ளுபடி கேட்டதற்கு, இவ்வளவு சிறிய தொகைக்கு அப்படி எதுவும் கிடையாது என்றார்கள். கடைக்குள் எரிவாயு சிலிண்டர் இரண்டு வைத்திருக்கிறேன். அதைச் சொன்னால் பிரீமியம் கூடுமா? நீங்கள் பேசுவது இந்தச் சிலிண்டரைத்தானா என்று முதலில் குழம்பிவிட்டேன்.

சரக்குக் கிடங்கு, கோவை

திண்டுக்கல் அண்ணா, எரிவாயு இருப்பதைச் சொல்லிவிடுங்கள், கூடினாலும் பரவாயில்லை. நான் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் போட்டவன்.

பிரீமியத்தில் மிச்சப்படுத்துவதற்காக ஸ்பிரிங்ளர் போடலாம் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். திருப்பூர் அக்காவின் கட்டடம் அளவுக்கு எனக்குச் சொன்ன விலை தொட்டி, மின் பம்பு, டீசல் பம்பு, குழாய் எல்லாம் சேர்த்து 14 லட்சம். 66,000 ரூபாயில் 15 சதவீதம் குறைத்தாலும் ஆண்டுக்கு 9,900. போட்ட பணம் திரும்ப 141 ஆண்டுகள் ஆகும். நான் போட்டதற்குக் காரணம் வேறு. இரவில் கிடங்கில் ஆளே இருப்பதில்லை. ஆளில்லாத இடத்தில் 22 தீயணைப்பான் இருந்து என்ன பயன்? அலாரம் அடித்தாலும் கேட்டு ஓடி வர யாராவது வேண்டும். 68 டிகிரியில் கண்ணாடிக் குமிழ் உடைந்து தண்ணீர் தானாகக் கொட்டினால்தான் உண்டு. அதுவும் தீக்கு மேலே உள்ள ஒன்றிரண்டு குமிழ்கள்தான் உடையும், எல்லாம் சேர்ந்து உடையாது.

போட்ட பிறகும் தவறு செய்தேன். சீசனில் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கினோம். ஆய்வுக்கு வந்த பொறியாளர் ஸ்பிரிங்ளர் தலைக்கும் சரக்குக்கும் இடையே அரை மீட்டர் இடைவெளி இல்லை என்று எழுதிவிட்டார். தண்ணீர் குடைபோல விரிய இடம் வேண்டும், இல்லையென்றால் மேல் பெட்டி மட்டும் நனையும், கீழே எரியும். அந்த ஆண்டு தள்ளுபடி கிடைக்கவில்லை, அது நியாயமும்கூட. இப்போது தூண்களில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம்.

நூல் வியாபாரி, ஈரோடு

ஸ்பிரிங்ளர் ஒழுகினால் நூல் முழுக்க வீணாகிவிடுமே? அதற்குக் காப்பீடு கிடையாது என்று கேள்விப்பட்டேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர், கோவை

வழக்கமான தீ பாலிசியிலேயே தானியங்கி ஸ்பிரிங்ளர் ஒழுகுவதால் வரும் சேதம் அடங்கும். ஆனால் கட்டடத்தையோ குழாயையோ பழுதுபார்க்கும்போது ஒழுகினால் அடங்காது. குழாய் அமைப்பில் குறை இருப்பது தெரிந்தும் விட்டுவைத்திருந்தாலும் கிடைக்காது.

ஒரு விஷயம் எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. ஒரு கிடங்கில் இரவு 2 மணிக்கு மின்கசிவால் தீ. தீயணைப்பான்கள் காலாவதியாகி 8 மாதங்கள். நிபந்தனை மீறப்பட்டது என்று நிறுவனம் சொன்னது. உள்ளே ஆளே இல்லை, புதிய உருளை இருந்தாலும் யார் எடுத்திருப்பார்கள் என்று உரிமையாளர் கேட்டார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இறுதியில் தொகையைக் குறைத்துக்கொண்டு சமரசம் செய்தார்கள். நான் அறிக்கையில் உண்மைகளை மட்டும் எழுதினேன். இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

தையல் யூனிட், திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. இன்று கடிதம் கொடுத்துவிட்டேன். ஹைட்ரண்ட் பகுதியை நீக்கித் தள்ளுபடியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். வித்தியாசம் 3,300, வரியோடு 3,894 ரூபாய் கட்டினேன். சர்வேயர் ஐயா சொன்னபடி 22 உருளைகளையும் கவிழ்த்துப் பார்த்தோம். கட்டிங் பகுதியில் இருந்த 3 உருளைகளில் ஓசையே இல்லை. மூன்றிலும் முள் பச்சையில்தான் இருந்தது, அட்டையில் போன மாதத் தேதியும் இருந்தது. பராமரிப்புக்கு வந்தவர் சுவரிலிருந்து கழற்றவே இல்லை என்று நினைக்கிறேன். நாளை அவரை வரச் சொல்லியிருக்கிறேன்.