'ஆப்ஷன் இயர்': தமிழில் என்ன சொல்லலாம்?

வளர்மதி:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர் சம்பளம் எப்படிப் பேசி முடிக்கப்படுகிறது என்பதைப் பற்றிய ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எபிசோடு, சீசன், ஸ்டுடியோ எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். வாசிப்பவர்களுக்கு அவை பழகிய சொற்கள்தான். மாட்டிக்கொண்டது 'ஆப்ஷன் இயர்' என்ற இடத்தில். ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு உறுதி, அதன் பின் ஐந்து ஆண்டுகள் ஆப்ஷன் என்று வருகிறது. 'விருப்ப ஆண்டு' என்று எழுதித் தோழி ஒருத்தியிடம் காட்டினேன். "அப்படியானால் நடிகருக்குப் பிடிக்கவில்லை என்றால் போய்விடலாம், நல்ல ஏற்பாடுதான்" என்றாள். கட்டுரை சொல்வது இதற்கு நேர் எதிர். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. முக்கிய நடிகர்கள் எல்லாரும் சேர்ந்து சம்பளம் பேசுவதை 'சமச் சம்பள ஒப்பந்தம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

இராமநாதன்:

அன்புள்ள வளர்மதி, 'விருப்ப ஆண்டு' நல்ல சொல்தான், அதை ஏன் கைவிட வேண்டும்? விருப்பப் பாடம், விருப்ப ஓய்வு என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஒப்பந்தம் என்றாலே இரு தரப்புக்கும் பொதுவானது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் இருவரும் உட்கார்ந்து பேசி, விருப்பமிருந்தால் தொடர்வார்கள். உங்கள் தோழி புரிந்துகொண்டதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திக்:

இராமநாதன் ஐயாவுக்கு வணக்கம். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடப்பது வேறு. ஆண்டு முடிவில் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. பேச்சு முழுவதும் தொடர் தொடங்குவதற்கு முன்பே, நடிகருக்கு வேடம் உறுதியாவதற்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

பல ஆண்டுகளாக இருந்துவரும் முறையைச் சொல்கிறேன். ஒரு வேடத்துக்கு நாலைந்து பேர் கடைசிச் சுற்றுத் தேர்வு வரை வந்திருப்பார்கள். அந்தத் தேர்வுக்கு உள்ளே போகும் முன், ஒவ்வொருவரும் ஆறேழு ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். முதல் ஆண்டு எபிசோடுக்கு எவ்வளவு, அடுத்தடுத்த ஆண்டுகளில் எவ்வளவு ஏறும் எல்லாம் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். வேடம் கிடைக்காதவர்களின் காகிதம் செல்லாமல் போகும், கிடைத்தவர் கட்டுப்படுவார். இதை ஏன் முன்கூட்டியே செய்கிறார்கள்? "நீங்கள்தான் வேண்டும்" என்று தெரிந்த பிறகு பேசினால் நடிகரின் கை ஓங்கிவிடும், அதனால்தான்.

ஆண்டுதோறும் ஏற்றம் பெரும்பாலும் நான்கைந்து சதவீதம். எடுத்துக்காட்டாக, எபிசோடுக்கு 30,000 டாலரில் தொடங்கி 5 சதவீதம் ஏறினால், ஆறாம் ஆண்டில் 38,300 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். தொடர் உலகம் முழுக்க ஓடினாலும் காகிதத்தில் இருப்பது அவ்வளவுதான்.

இப்போது 'ஆப்ஷன்' யாருடையது என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தேதி இருக்கும். அமெரிக்க நெட்வொர்க் தொடர்களில் வழக்கமாக ஜூன் 30. அதற்குள் "அடுத்த ஆண்டுக்கும் வேண்டும்" என்று ஸ்டுடியோ எழுத்தில் சொல்லிவிட்டால் நடிகர் வந்தாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் விடுபடுவார். நடிகருக்கு இதே உரிமை மறுபக்கமாகக் கிடையாது. விருப்பம் ஸ்டுடியோவுக்கு, கட்டுப்பாடு நடிகருக்கு. அதனால் 'தக்கவைப்பு ஆண்டு' என்கிறேன். யார் யாரைத் தக்கவைக்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

பாத்திமா:

நான் குரல் கொடுப்பவள், தொடர் நடிகை இல்லை. இருந்தாலும் இந்தச் சொல் என்னைத் தொட்டுப்போயிருக்கிறது. ஒரு கார்ட்டூன் தொடருக்குப் பேசியபோது, மேலும் இரண்டு சீசன்கள் தயாரிப்பாளரின் ஆப்ஷன் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முதல் சீசன் முடிந்ததும் பல மாதங்கள் ஒரு தகவலும் இல்லை. இடையில் இன்னொரு நிறுவனம் கூப்பிட்டது. அதே வகைக் குரல் வேலையை வேறு எங்கும் செய்யக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் வேறொரு வரி இருந்ததால் போக முடியவில்லை. கடைசியில் தொடரே வரவில்லை. காத்திருந்த மாதங்களுக்குக் காசும் கிடையாது.

அதனால் எனக்கு 'தக்கவைப்பு' கொஞ்சம் மென்மையாகப் படுகிறது. தக்கவைப்பது என்றால் மதித்து வைத்துக்கொள்வது போலத் தொனிக்கிறது. 'பிடித்துவைப்பு ஆண்டு' என்றால் என்ன?

கார்த்திக்:

பாத்திமா, நீங்கள் சொல்லும் துன்பம் அங்கேயும் உண்டு. சீசனுக்கு எட்டுப் பத்து எபிசோடுகளே வரும் தொடர்களில், இரண்டு சீசன்களுக்கு நடுவே ஓராண்டுக்கு மேலும் இடைவெளி விழுகிறது. சம்பளம் எபிசோடுக்குத்தான், இடைவெளிக்கு இல்லை. அதனால் நடிகர் சங்கம் இந்தக் காத்திருப்பையும், வேறு தொடர்களில் நடிக்கத் தடை போடும் விதியையும் பற்றித் தயாரிப்பாளர்களோடு தனியாகவே பேச வேண்டியதாயிற்று. ஆனால் கலைச்சொல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒப்பந்த மொழிபெயர்ப்பில் யாரும் எடுத்தாள மாட்டார்கள். 'பிடித்துவைப்பு' அப்படிச் சாய்கிறது என்று நினைக்கிறேன்.

சேவியர்:

இதற்குக் கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறதே! ஏழு ஆண்டுக்கு மேல் யாரையும் ஒப்பந்தத்தில் கட்டிப்போட முடியாது. ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டு வென்றார். வேடம் மறுத்ததால் இடைநிறுத்திய காலத்தை ஒப்பந்தக் காலத்தோடு ஸ்டுடியோ கூட்டிக்கொண்டே போனது. அது செல்லாது, ஏழு என்றால் நாள்காட்டிப்படி ஏழுதான் என்று 1944இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக நடிகர் கையில் பிடி இருக்கிறது. ஃபிரெண்ட்ஸ் நடிகர்கள் அதை வைத்துத்தானே சம்பளத்தை ஏற்றினார்கள்?

கார்த்திக்:

சேவியர், வழக்கைச் சரியாகச் சொன்னீர்கள். ஃபிரெண்ட்ஸ் பற்றிய முடிவு மட்டும் பொருந்தவில்லை. அந்தத் தொடர் தொடங்கியது 1994இல். ஆறு பேரும் சேர்ந்து பேசியது 1996இல். ஏழு ஆண்டு எங்கே ஆயிற்று? ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே விலையைத் திறந்தார்கள்.

நான் இந்தக் கதையை அடிக்கடி எடுத்துச் சொல்வேன், அதிலிருந்துதான் முறை முழுவதும் புரியும். முதல் சீசனில் ஆளுக்கு எபிசோடுக்கு 22,500 டாலர் என்று செய்திகள் சொல்கின்றன. இரண்டாம் சீசனில் சம்பளம் ஆளுக்கு ஆள் மாறியது, சிலர் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். கூடுதலாக வாங்கியவர்களில் ஒருவரான டேவிட் ஷ்விம்மர்தான் எல்லாரும் சேர்ந்து ஒரே தொகை கேட்போம் என்றார். விளைவு, மூன்றாம் சீசனில் ஆளுக்கு 75,000, பிறகு 85,000, ஒரு லட்சம், ஆறாம் சீசனில் 1,25,000. பழைய 22,500 ஆண்டுக்கு 5 சதவீதம் மட்டும் ஏறியிருந்தால் ஆறாம் சீசனில் 29,000கூட எட்டியிருக்காது. அதன் பிறகு 7,50,000. கடைசி இரண்டு சீசன்களில் 10 லட்சம்.

காகிதத்தில் உரிமை வைத்திருக்கும் ஸ்டுடியோ ஏன் இறங்கிவந்தது? ஒருவர் வராவிட்டால் அவர் பாத்திரத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுக் கதையைத் தொடரலாம். ஆறு பேரும் வராவிட்டால் தொடரே இல்லை. வழக்குப் போட்டு வெல்லலாம், ஆனால் வெல்வதற்குள் சீசன் போய்விடும். அதோடு நூறு எபிசோடு அளவுக்குச் சேர்ந்தால்தான் தொடரை மறு ஒளிபரப்புக்கு நல்ல விலைக்கு விற்க முடியும் என்பது அன்றைய கணக்கு. ஆகவே ஸ்டுடியோவுக்கு வேண்டியது கூடுதல் ஆண்டுகள். பெரும்பாலான மறுபேச்சுகளில் நடக்கும் பண்டமாற்று இதுதான்: நடிகர் ஆண்டு கொடுக்கிறார், ஸ்டுடியோ விலை கொடுக்கிறது. இப்படிச் சேர்க்கப்படும் ஆண்டுகளும் மறுபடி தக்கவைப்பு ஆண்டுகளாகவே எழுதப்படலாம்.

ஏழாண்டுச் சட்டத்தை நெம்புகோலாக எடுத்தவர்கள் மாடர்ன் ஃபேமிலி நடிகர்கள். 2012 ஜூலையில், நான்காம் சீசன் தொடங்கும் நேரத்தில், தங்கள் ஒப்பந்தம் ஏழாண்டைத் தாண்டுகிறது, அதனால் செல்லாது என்று ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். ஏற்கெனவே அவர்களைவிட அதிகம் வாங்கிவந்த எட் ஓ'நீலும் சேர்ந்துகொண்டார். தீர்ப்பு வரை போகவில்லை, சில நாள்களிலேயே புதிய சம்பளம் பேசி முடிந்தது.

வளர்மதி:

அப்படியானால் என் 'சமச் சம்பள ஒப்பந்தம்' ஃபிரெண்ட்ஸுக்குச் சரியாகப் பொருந்துகிறது, இல்லையா?

சேவியர்:

பொருந்துகிறது, ஆனால் பிக் பேங் தியரிக்குப் பொருந்தாது. அங்கே 2014இல் மூன்று பேர் 10 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தார்கள். தொடக்கத்திலிருந்தே இருந்த மற்ற இருவரும் பிறகுதான் அந்த அளவை எட்டினார்கள். நான்காம் சீசனிலிருந்து முழுநேர நடிகைகளான மயிம் பியாலிக், மெலிசா ராவ்ச் இருவரும் அப்போதும் 2 லட்சத்தை ஒட்டியே வாங்கினார்கள். 2017இல் பழைய ஐவரும் ஆளுக்கு ஒரு லட்சத்தை விட்டுக்கொடுத்ததாகச் செய்தி வந்தது. ஐந்து லட்சத்தை இருவருக்குப் பிரித்தால் இரண்டரை லட்சம். இருவரும் ஏறத்தாழ நாலரை லட்சத்துக்கு வந்தார்கள். ஐவருக்கு 9 லட்சம், இருவருக்கு அதில் பாதி. சேர்ந்து நின்றார்கள், சமமாக வாங்கவில்லை.

கார்த்திக்:

மிகச் சரியான எடுத்துக்காட்டு. அதனால் இரண்டு சொற்கள் தேவை. சேர்ந்து பேசுவது 'கூட்டுச் சம்பளப் பேச்சு'. எல்லாருக்கும் ஒரே தொகை என்பது அதிலிருந்து வரக்கூடிய பல முடிவுகளில் ஒன்று, அதற்கு மட்டும் 'சமச் சம்பளம்'. மூன்றாவதாக ஒரு விதியும் இருக்கிறது. சேர்ந்து பேசாமலே, "இந்தக் குழுவில் வேறு யாருக்காவது என்னைவிட அதிகம் கொடுத்தால் எனக்கும் அதையே கொடுக்க வேண்டும்" என்று ஒருவர் தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது. ஆங்கிலத்தில் அதை 'ஃபேவர்ட் நேஷன்ஸ்' என்பார்கள், நாடுகளின் வணிக உடன்படிக்கைகளிலிருந்து வந்த பெயர். அதற்கு என்னிடம் சொல் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. எபிசோடுத் தொகையை மட்டும் பார்த்து யார் அதிகம் வாங்குகிறார் என்று சொல்லிவிடக் கூடாது. எல்லா எபிசோடுக்கும் காசு என்று ஒருவருக்கு இருக்கும். பதின்மூன்றில் ஏழுக்கு மட்டும் உறுதி என்று இன்னொருவருக்கு இருக்கும். செலவைக் குறைக்க நினைக்கும் ஸ்டுடியோ தொகையைத் தொடாமல் இந்த எண்ணிக்கையைக் குறைக்கும். தலைப்புச் செய்தியில் சம்பளம் அப்படியே இருக்கும், ஆண்டு வருமானம் இறங்கியிருக்கும்.

இராமநாதன்:

கார்த்திக்கின் விளக்கத்துக்குப் பின் 'விருப்ப ஆண்டு' நிற்காது, நான் விட்டுவிடுகிறேன். ஆனால் 'தக்கவைப்பு ஆண்டு' என்றால் ஏற்கெனவே தக்கவைத்துவிட்ட ஆண்டு போல ஒலிக்கிறதே. ஜூன் 30க்கு முன் அது வெறும் உரிமைதானே? 'தக்கவைப்புரிமை ஆண்டு' என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிய உரிமை என்பதும் விளங்கும். பாத்திமா சொன்ன காத்திருப்புக் காலத்துக்குத் தனிச் சொல் வேண்டும், அதை இதற்குள் திணிக்க வேண்டாம்.

மூன்றாவது விதிக்கு 'நிகர்ச் சலுகை விதி' என்று தோன்றுகிறது.

பாத்திமா:

'உரிமை' சேர்ந்ததும் எனக்கு ஒப்புதல், ஐயா. 'நிகர்ச் சலுகை'தான் உதைக்கிறது. அடுத்தவருக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு என்று கேட்பது எப்படிச் சலுகை ஆகும்?

வளர்மதி:

கட்டுரையில் 'தக்கவைப்புரிமை ஆண்டு', 'கூட்டுச் சம்பளப் பேச்சு' இரண்டையும் போட்டுவிட்டேன். 'சமச் சம்பளம்' ஃபிரெண்ட்ஸ் பகுதியில் மட்டும் இருக்கிறது. அந்த மூன்றாவது விதி ஐந்து இடங்களில் வருகிறது. ஞாயிறு வரை அவற்றை வெற்றாக விட்டுவைக்கிறேன், 'சலுகை' இல்லாத சொல்லாக யாராவது அனுப்புங்கள்.