பொருள்: தீர்மானப் பதிவேட்டில் பழைய வரியைத் திருத்தலாமா?

அனைவருக்கும் வணக்கம். 2021-04 தீர்மானத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: உதவித்தொகை ஆண்டுக்கு 10 பேருக்கு, விண்ணப்பங்களை மூவர் குழு பார்க்கும். போன கூட்டத்தில் 15 பேர் என்று மாற்றினோம். பதிவேட்டில் 10ஐ அழித்து 15 என்று போட்டுவிடட்டுமா?
– செயலாளர்

---

தம்பி, அழிக்காதீங்க. அழித்தால் 2022இல் ஏன் 10 பேருக்கு மட்டும் கொடுத்தோம் என்று கேட்பவருக்குப் பதில் இருக்காது. புது எண்ணில் புது வரி எழுதுங்கள். அதில் ‘2021-04ஐ மாற்றுகிறது’ என்றும், பழைய வரியின் நிலைக் கட்டத்தில் புது எண்ணையும் குறியுங்கள். இரண்டு பக்கமும் குறிப்பு வேண்டும். பழையதை மட்டும் திறப்பவர் அதையே நடப்பு என்று நினைத்துக்கொள்வார்.

இங்கே இன்னொரு சிக்கல். 2021-04 முழுவதையும் ‘மாற்றப்பட்டது’ என்று குறித்தால் மூவர் குழுவும் சேர்ந்து போய்விடும். அடுத்த ஆண்டு யாராவது ‘விண்ணப்பத்தை யார் பார்ப்பது?’ என்று புதிதாக விவாதம் தொடங்குவார். அதனால் அதை எண்ணிக்கைக்கு 04அ, மூவர் குழுவுக்கு 04ஆ என்று பிரித்து, 04அ வரியை மட்டும் மாற்றுங்கள். இனிமேல் ஒரு வரிக்கு ஒரே முடிவு.
– முன்னாள் செயலாளர்

---

எதிர்த்து ஓட்டுப் போட்டவர் தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லும் ராபர்ட் விதிமுறையில் இருக்கிறது. பதிவேட்டில் யார் எதிர்த்தார் என்று பெயர் போட்டால் போதும்.
– தணிக்கைக் குழு

---

அண்ணா, அந்த விதி மறுபரிசீலனைக்கு மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் அதே கூட்டத்துக்குள். பிந்தைய கூட்டத்தில் திருத்தவோ நீக்கவோ யாரும் முன்மொழியலாம். முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் பெரும்பான்மை போதும், இல்லையென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோ மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோ வேண்டும். நம் சங்க விதி வேறாகச் சொன்னால் அதுதான் செல்லும். எனவே பெயரைவிட ‘முன்னறிவிப்பு எந்த மடலில்’ என்ற கட்டம்தான் முக்கியம்.
– முன்னாள் செயலாளர்

---

கூட்டக் குறிப்புகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தேடினால் கிடைக்குமே, தனிப் பதிவேடு எதற்கு?
– பொருளாளர்

---

அக்கா, குறிப்புகள் இருக்கட்டும், அவைதான் ஆதாரம். ஆனால் ஒரு குறிப்பில் ‘உதவித்தொகை’, இன்னொன்றில் ‘கல்வி நிதி’ என்று எழுதியிருப்போம். ஒரு சொல்லைத் தேடினால் மற்றது வராது. பதிவேட்டில் தேடுசொல் கட்டத்தில் இரண்டையும் போடலாம். தோற்றுப்போன முன்மொழிவையும் காரணத்தோடு எழுதுங்கள். ‘20 பேர் வேண்டாம், வட்டி வருமானம் போதாது’ என்று இருந்தால், வட்டி கூடிய பிறகு அதை மறுபடி எடுப்பது தவறில்லை என்றும் தெரியும்.
– முன்னாள் செயலாளர்

---

சரி அண்ணா, பிரித்துவிடுகிறேன். ஒரு சந்தேகம்: போன கூட்டம் சிட்னியில் ஞாயிறு, டொராண்டோவில் சனி. எந்தத் தேதியை எழுத?
– செயலாளர்

---

அழைப்பு மடலில் இருக்கும் தேதியும் நேர மண்டலமும் போதும் என்பது என் கருத்து. மடல் வழி ஓட்டெடுப்புக்கு வாக்கு முடிந்த நாளா, முடிவை அறிவித்த நாளா என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும்.
– முன்னாள் செயலாளர்