புதுப்பிப்பு: ஃபெட் ராத்திரியில் ரோபோவை நிறுத்துறது

நான் கேட்டிருந்தது: "அமெரிக்க மத்திய வங்கி ஃபெட்டோட வட்டி அறிவிப்புக்காக விடிகாலை 3 மணிக்கு டிரேடிங் ரோபோ நிக்கிற மாதிரி வச்சிருந்தேன். 2 மணிக்கே அடி வாங்கிடுச்சு, ஏன்?"

சுங்கை சிப்புட் அண்ணன்தான் கண்டுபிடிச்சார். அறிவிப்பு நியூயார்க் நேரம் மதியம் 2 மணிக்கு. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளினதும் நமக்கு 3 மணி 2 ஆயிடுது. நவம்பரில் திரும்பவும் 3. நான் மலேசிய நேரத்தையே எழுதி வச்சிருந்தேன்.

இப்போ MT5 காலண்டரிலிருந்து `CalendarValueHistory` தர்ற நேரத்தை `TimeTradeServer()` நேரத்தோட ஒப்பிடுறேன். ரெண்டுமே சர்வர் நேரம். அறிவிப்புக்கு அரை மணி முன்னாடியே புது ஆர்டர் நிக்கும், காத்திருக்கிற ஆர்டரும் அழியும். அன்னைக்கு மாட்டினது அப்படி விட்டுவச்ச ஒண்ணுதான்.

"ஸ்டாப் லாஸ் போதும்ணே"ன்னு தம்பி சொன்னது பாதி சரி. ஸ்டாப் வேலை செஞ்சது, ஆனா நான் வச்ச விலையில் இல்லை. 1 பிப் ஸ்பிரெட் அந்த நொடியில் 11 ஆச்சு.

பேங்க் நெகாரா அறிவிப்பு பத்தி கேட்ட அக்காவுக்கு: அது பிற்பகல் 3 மணி, மாறாது.

ஃபெட் தலைவரோட 2.30 பேட்டி முடிஞ்சதும் ரோபோவை ஓட விடலாமா? அண்ணன் காலை வரை வேண்டாங்கிறார். இன்னும் முடிவெடுக்கலை.