புதுப்பிப்பு: ‘முடித்தவை’ பட்டியல், ஆறு வாரங்களுக்குப் பின்

“டர்பனில் எங்கள் கோயிலின் பழைய நன்கொடைப் பேரேடுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். வாரம் முழுதும் உழைத்தும் மீதி குறைவதாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?”

இங்கே நான் இப்படிக் கேட்டபோது, வெள்ளிக்கிழமை மாலை இருபது நிமிடம் ஒதுக்கி, முடித்தவற்றை எழுதிப் பார்க்கச் சொன்னீர்கள். முதல் இரு வாரங்கள் அது பலிக்கவில்லை. முழுதாக முடிந்ததை மட்டும் எழுதியதால், 180 பக்கப் பேரேடு பட்டியலில் இடம்பெறவே இல்லை. மின்கட்டணம் செலுத்தியதும் கடிதம் அனுப்பியதுமே வெற்றிகளாக நின்றன.

கணக்காளர் அண்ணன் ஒருவர்தான் பிழையைக் கண்டார்: வேலையின் பெயரை எழுதாமல், எங்கிருந்து எதுவரை நகர்ந்தது என்று எழுதச் சொன்னார். “நான்காம் பேரேடு, 61 முதல் 96 வரை” என்று மூன்றாம் வாரம் எழுதியபோது, வாரத்துக்கு 36 பக்கம், அதாவது ஐந்து வாரத்துக்கு ஒரு பேரேடு என்பது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

தினமும் எழுதினால் வாராந்தரப் பார்வையே வேண்டாம் என்று தம்பி ஒருவர் சொன்னது பாதி சரி. வெள்ளியன்று திங்கட்கிழமை நினைவில் இருப்பதில்லை என்பதால் அன்றன்று ஒரு வரி குறிக்கிறேன், ஆனால் தனித்தனி வரிகளில் வேகம் புலப்படுவதில்லை. இதை நன்றியறிதல் குறிப்பேடு என்று எண்ணித் தம் அனுபவத்தை எழுதிய அக்காவுக்கும் நன்றி. அது வேறு பழக்கம்.

கறையான் அரித்த பக்கங்களை என்னவென்று எழுதுவது? ஐந்தாம் வாரம் ஒன்பது பக்கங்களை வாசிக்கவே மூன்று மாலைகள் போயின. இப்போதைக்கு, “வாசிக்க இயலாதவை பிரிக்கப்பட்டன” என்றே குறிக்கிறேன்; அண்ணன் இதை ஏற்கவில்லை.