அம்மப்பாவுக்கு மூன்று நிமிடம்

நான்: ஞாயிறு அம்மப்பாவின் முப்பத்தோராம் நாள். சாப்பாட்டுக்கு முன் மூன்று நிமிடம் நான் வாசிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய 26 குறிப்புகளையும் கோத்து வாசித்துப் பார்த்தேன், ஏழு நிமிடம் போகுது. தங்கச்சி பாதியில் எழும்பிப் போய்விட்டாள்.

தங்கச்சி: அடுப்பை நிற்பாட்டப் போனேன்! ஆனாலும் வேலைக்கு விண்ணப்பம் வாசிக்கிற மாதிரித்தான் இருந்தது.

ரொறன்ரோ மாமா: பிறந்த திகதி, படித்த பள்ளி, ஓய்வுபெற்ற ஆண்டு எல்லாம் வரத்தான் வேணும். விட்டால் சனம் குறை சொல்லும்.

சித்தப்பா: அதெல்லாம் கல்வெட்டுப் புத்தகத்தில் அச்சாகிவிட்டது, மச்சான். அன்றைக்கு எல்லார் கையிலும் அது இருக்கும். தம்பி, குறிப்புகளில் எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது?

நான்: சைக்கிள். மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

சித்தப்பா: அதையே பிடி. ‘பொறுமையானவர்’ என்ற வரியை வெட்டு, எல்லாச் செத்தவீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பெரியம்மா: கல்வெட்டில் அப்பாவின் படம் மங்கலாக விழுந்திருக்கு. அச்சகத்துக்கு யார் சொல்லுறது?

நான்: பெரியம்மா, இது வாசிக்கிறதுக்கு. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சைக்கிள் கரியரில் என்ன இருந்தது? மாமா அம்மம்மா என்கிறார், நீங்கள் அரிசி மூட்டை என்கிறீர்கள்.

பெரியம்மா: அம்மா நடந்துதான் வந்தா. நான் பக்கத்தில் வந்தனான்.

ரொறன்ரோ மாமா: நானும்தான் வந்தேன்.

சித்தப்பா: அவர் சைக்கிளை உருட்டினார் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. அதை மட்டும் எழுது. சபையில் ஒருவர் ‘இல்லையே’ என்றால் மற்றது ஒன்றும் காதில் ஏறாது.

நான்: இப்போது பாருங்கோ:

“அம்மப்பாவிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதில் அவர் முப்பது வருடம் கந்தோருக்குப் போனார். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரி வராது. இரவில் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைப்பார். அம்மா பெடலைக் கையால் சுற்றுவா. டைனமோவில் ரேடியோ பாடும். செய்தி முடியுமுன் கை சோர்ந்தால் குரல் கீழே இறங்கும். ‘சுத்து பிள்ளை, சுத்து’ என்பார். 95 ஒக்டோபர் 30 இரவு, செம்மணி வழியாகச் சனத்தோடு சனமாக அதே சைக்கிளை உருட்டிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனார். ஏறி ஓட இடமில்லை. திரும்பி வந்ததும் முதலில் செயினுக்குத்தான் எண்ணெய் விட்டார்.”

தங்கச்சி: சாவகச்சேரி வரியில் உனக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டாக உடை.

சித்தப்பா: பெரிய எழுத்தில் அச்சடி, ஒரு வரிக்கு ஒரு மூச்சு. ‘சுத்து பிள்ளை’க்குப் பிறகு கொஞ்சம் நிறுத்து. சனம் சிரிக்கும், சிரித்து முடியட்டும். இன்னொரு பிரதியைத் தங்கச்சி வைத்திருக்கட்டும். உனக்குத் தொண்டை அடைத்தால் அவள் அந்த வரியிலிருந்து எடுப்பாள்.

ரொறன்ரோ மாமா: பிறந்த ஆண்டாவது போடு.

நான்: முதல் வரியில் போடுகிறேன், மாமா.

பெரியம்மா: அம்மாவிடம் கேட்டனான். கரியரில் கோழிக்கூடு இருந்ததாம்.